49 சதவீதம் யாருடையது? சிறு கடைக்கு ஒரு சர்வே அறிக்கை எழுதும் விதம்

சலவைக் கடை நடத்தும் ஒருவருக்கு ஒரு யோசனை. வாடிக்கையாளர் வீட்டுக்கே ஆள் அனுப்பித் துணியை எடுத்து வந்து, துவைத்துத் தேய்த்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? அதற்கு ஒரு வண்டி வேண்டும், ஓர் ஆளும் வேண்டும். செலவில் இறங்கும் முன் கடைக்கு வருபவர்களிடம் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு வாரம் சர்வே எடுக்கிறார். கடைசியில் கையில் ஓர் எண் நிற்கிறது: 49 சதவீதம் பேர் இந்தச் சேவை வேண்டும் என்கிறார்கள்.

கடையும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இந்த 49-க்கு நேரும் கதி பெரும்பாலான சிறு தொழில் சர்வேக்களில் நேர்வதுதான். பத்துப் பக்க அறிக்கை எழுதி, முதல் பக்கத்தில் அதைப் பெரிய எழுத்தில் போட்டு, அருகே ஒரு வட்ட வரைபடமும் வரைந்துவிடுவார்கள். யாரிடம் கேட்டோம், எப்படிப் பிடித்தோம், எத்தனை பேர் பதில் சொல்லாமல் போனார்கள் என்பதெல்லாம் எங்கேயோ ஒரு வரியில் ஒளிந்திருக்கும். அந்த ஒரு வரியைப் பிரித்துப் படித்தால்தான் 49-க்கு என்ன பொருள் என்றே தெரியவரும். அதனால் அறிக்கையின் நான்கு பகுதிகளையும், அதாவது முறை, மாதிரி, முடிவுகள், வரம்புகள் ஆகியவற்றை, இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டே பார்ப்போம்.

முறை: அடுத்தவர் அதையே திரும்பச் செய்ய முடியுமா?

முறை என்ற பகுதியில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். படிப்பவர் நினைத்தால் அதே சர்வேயை மறுபடி நடத்தும் அளவுக்கு விவரம் இருந்தால் போதும். நம் கடைக்காரர் செய்தது இது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாள், கடை திறந்ததிலிருந்து மூடும் வரை, பில் போட்டு நகரும் ஒவ்வொரு மூன்றாவது நபரிடமும் கேட்டார்கள். கேட்டவர் கடையில் வேலை செய்யாத ஒருவர். பதிலைத் தாளில் குறித்துப் பெட்டியில் போடச் சொன்னார்கள்; பெயர் கேட்கவில்லை.

ஒவ்வொரு மூன்றாவது நபர் என்ற விதி அற்பமாகத் தெரியலாம். விதி இல்லாவிட்டால் கேட்பவர் என்ன செய்வார்? சிரித்த முகமாக இருப்பவரைக் கேட்பார். தெரிந்தவரைக் கேட்பார். கையில் குழந்தையோடு நிற்பவரை, போனில் கத்திக்கொண்டிருப்பவரை விட்டுவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, இயல்பாகவே அப்படி நடக்கும். யாரைக் கேட்பது என்ற தேர்வை மனிதர் கையிலிருந்து எடுத்து எண்ணிக்கையிடம் கொடுப்பதுதான் அந்த விதியின் வேலை.

கடைக்காரரே நேரில் கேட்காததற்கும் காரணம் உண்டு. உரிமையாளர் எதிரே நின்று "இப்படி ஒரு சேவை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், நல்லா இருக்குமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

கேள்வியின் சொற்களை அப்படியே அறிக்கையில் அச்சிட வேண்டும். சுருக்கிச் சொல்வது போதாது. இவர்கள் கேட்டது: "வீட்டுக்கே வந்து துணியை எடுத்துத் திருப்பித் தரும் சேவை இருந்தால், அதற்காகச் சலவைக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகும் என்றால், நீங்கள் அதைப் பயன்படுத்துவீர்களா?" பதிலுக்கு ஐந்து கட்டங்கள்: கண்டிப்பாக, பெரும்பாலும், சொல்லத் தெரியவில்லை, பெரும்பாலும் மாட்டேன், கண்டிப்பாக மாட்டேன். கூடுதல் கட்டணத்தைக் கேள்விக்குள்ளேயே வைத்தது நல்ல காரியம். அதை விட்டுக் கேட்டிருந்தால் இலவசமாகக் கிடைக்கும் வசதியை யார் வேண்டாம் என்பார்கள்?

இன்னொரு கேள்வியும் இருந்தது: "கடந்த நான்கு வாரங்களில் இந்தக் கடைக்கு எத்தனை முறை வந்தீர்கள்?" சும்மா ஒரு விவரத்துக்காகச் சேர்த்தது போல இருக்கும். பின்னால் கணக்கைக் காப்பாற்றப் போவது இதுதான்.

மாதிரி: மூன்று எண்கள்

பல அறிக்கைகள் "96 பேரிடம் ஆய்வு நடத்தப்பட்டது" என்று எழுதி முடித்துவிடும். உண்மையில் மூன்று எண்கள் வேண்டும். அந்த வாரம் விழுந்த பில்கள் 384. அவற்றில் மூன்றில் ஒருவராக அணுகப்பட்டவர்கள் 128. பதில் தந்தவர்கள் 96. மீதி 32 பேர் மறுத்துவிட்டார்கள். அதாவது பதில் விகிதம் 75 சதவீதம்.

மறுத்த 32 பேரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்று தோன்றும். ஆனால் கேட்டவர் ஒரு சின்ன வேலை செய்திருந்தார். ஒவ்வொரு மறுப்புக்கும் நேரத்தைக் குறித்து ஒரு கோடு போட்டுவைத்தார். அதைக் கூட்டிப் பார்த்தபோது, 24 மறுப்புகள் காலை பத்து மணிக்கு முன்னால் வந்தவை. அந்த நேரத்தில் அணுகப்பட்டவர்கள் 48 பேர். அதில் சரிபாதி நழுவிவிட்டார்கள். பத்து மணிக்குப் பின் அணுகிய 80 பேரில் மறுத்தவர் 8 பேர்தான்.

இதைச் சரிபார்க்க பில் புத்தகமே போதும். வாரத்தின் 384 பில்களில் 144, அதாவது 37.5 சதவீதம், பத்து மணிக்கு முன் விழுந்தவை. பதில் தந்த 96 பேரில் காலை ஆட்கள் 24 பேர், 25 சதவீதம். ஆகவே காலையில் ஓடி வந்து துணியைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுபவர்கள் நம் மாதிரியில் குறைவாக இருக்கிறார்கள். சர்வே பிசகியதா என்று கண்டுபிடிக்கச் சிறு கடைக்காரரிடம் உள்ள மிக நல்ல கருவி இதுதான். ஏற்கனவே நிச்சயமாகத் தெரிந்த ஒரு விவரத்தை எடுத்துக்கொண்டு, மாதிரியும் அதையே காட்டுகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.

முடிவுகள்: ஒரே பதிலில் இரண்டு எண்கள்

இப்போது 49-க்கு வருவோம். 96 பேரில் 15 பேர் "கண்டிப்பாக" என்றார்கள், 32 பேர் "பெரும்பாலும்" என்றார்கள். இரண்டும் சேர்ந்து 47 பேர், 49 சதவீதம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் இது "வாடிக்கையாளர்களில் 49 சதவீதம்" ஆகுமா?

ஆகாது. வாரம் ஒருமுறை வருபவர், நாம் கேட்ட வாரத்தில் எப்படியும் கடைக்கு வந்திருப்பார். மாதம் ஒருமுறை வருபவர் நான்கு வாரங்களில் ஏதோ ஒன்றில்தான் வருவார். அது நம்முடைய வாரமாக இருக்க நாலில் ஒரு வாய்ப்புதான். குளத்தில் வலை வீசினால் அடிக்கடி மேலே வரும் மீன்தானே அதிகம் சிக்கும். கடை வாசலில் நின்று எடுக்கும் எந்த சர்வேயிலும் அடிக்கடி வருபவர்களின் குரல் இப்படிப் பெருத்துத்தான் ஒலிக்கும். ஒவ்வொரு மூன்றாவது நபர் என்ற விதியை எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றினாலும் இது போகாது. கூடுதலாக ஒரு மாதம் நின்று கேட்டாலும் முழுதாகப் போகாது.

திருத்தும் வழி எளிது. மாதம் ஒருமுறை வருபவர் நால்வரில் ஒருவர்தான் நம்மிடம் சிக்கினார் என்றால், சிக்கிய ஒருவரை நான்கு பேராக எண்ண வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறை வருபவரை இரண்டு பேராக. வார வாடிக்கையாளரை ஒருவராக. இதற்கு எடையிடுதல் என்று பெயர். எத்தனை முறை வந்தீர்கள் என்று கேட்டு வைத்தது இதற்காகத்தான்.

| எப்போது வருபவர் | பதில் தந்தவர் | வேண்டும் என்றவர் | எடை | எடையிட்ட மொத்தம் | எடையிட்ட "வேண்டும்" |
|---|---|---|---|---|---|
| வாரம் ஒருமுறை | 60 | 36 | 1 | 60 | 36 |
| இரு வாரத்துக்கு ஒருமுறை | 24 | 8 | 2 | 48 | 16 |
| மாதம் ஒருமுறை | 12 | 3 | 4 | 48 | 12 |
| மொத்தம் | 96 | 47 | | 156 | 64 |

156-இல் 64 என்றால் 41 சதவீதம். அடிக்கடி வருபவர்களுக்குத்தான் இந்தச் சேவையில் ஆசை அதிகம் என்பதால், அவர்களை உரிய அளவுக்குக் குறைத்ததும் எண் இறங்கிவிட்டது.

அப்படியானால் 49 பொய், 41 உண்மையா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டும் உண்மை; வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். கடைக்கு வரும் பில்களில் எத்தனை பங்கு வண்டிக்கு மாறும் என்று கேட்டால் பதில் 49. வாடிக்கையாளர்கள் என்ற மனிதர்களில் எத்தனை பங்கு இதில் சேருவார்கள் என்று கேட்டால் 41. வண்டியின் வார வேலையைக் கணக்கிட முதல் எண் வேண்டும். எத்தனை வீடுகளின் முகவரியைப் பட்டியலில் வைக்க வேண்டியிருக்கும் என்று பார்க்க இரண்டாவது வேண்டும்.

போட்டுப் பார்க்கலாம். 384 பில்களுக்குப் பதிலாக 96 பேர் பேசினார்கள், ஆக ஒருவர் நான்கு பில்களுக்குச் சமம். வேண்டும் என்ற 47 பேர் என்றால் வாரத்துக்கு 188 பில்கள் வண்டியில் வரும். நாளுக்கு சுமார் 27. வீடுகள் என்று பார்த்தால் எடையிட்ட 64-ஐ நான்கால் பெருக்கி, ஏறத்தாழ 256.

ஆனால் 188-ஐ நம்பி வண்டி வாங்கக் கூடாது. "பயன்படுத்துவேன்" என்று சொல்பவர் எல்லோரும் பயன்படுத்துவதில்லை. தாளில் கட்டத்தை நிரப்ப ஒரு காசும் செலவில்லை. வாய்வார்த்தை செயலை விடப் பெரிதாக இருப்பது இந்த மாதிரிச் சர்வேக்களில் வழக்கம். அதனால் "கண்டிப்பாக" என்றவர்களையும் "பெரும்பாலும்" என்றவர்களையும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாக்கி விடாமல் தனித்தனியாகக் காட்டுவது நல்லது. கண்டிப்பாக என்றவர் 15 பேர் மட்டும் என்று கொண்டால் வாரத்துக்கு 60 பில்கள், நாளுக்கு எட்டு அல்லது ஒன்பது. நாளுக்கு ஒன்பது வீடு என்பதற்கும் இருபத்தேழு வீடு என்பதற்கும் இடையில் ஒரு முழுநேர ஆளின் சம்பளமே தொக்கி நிற்கிறது. கடைக்காரருக்கு 49 சதவீதம் என்ற சொல்லை விட இந்த ஒரு வாக்கியம் பயன்படும்.

மாதம் ஒருமுறை வருபவர்களில் வேண்டும் என்றவர் 25 சதவீதம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுத வேண்டாம். அங்கே இருப்பது பன்னிரண்டே பேர். ஒருவர் மனம் மாறினால் எட்டு சதவீதம் ஏறும், இறங்கும். "12 பேரில் 3 பேர்" என்று எழுதினால் படிப்பவருக்கே நிலைமை புரிந்துவிடும்.

வரம்புகள்: எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

வரம்புகள் பகுதியை மன்னிப்புக் கடிதம் போல எழுதுவார்கள். "மாதிரியின் அளவு சிறியது, ஆகவே முடிவுகளைக் கவனத்துடன் அணுகவும்" என்று ஒரு வரி. அந்த வரியால் யாருக்கும் லாபமில்லை. ஒரு வரம்பைச் சொன்னால், அதனால் எண் எந்தப் பக்கம், ஏறத்தாழ எவ்வளவு நகரக்கூடும் என்றும் சொல்ல வேண்டும்.

முதலில் மாதிரி சிறியதாக இருப்பதால் வரும் தற்செயல் பிழை. இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பதில் தந்தவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்தால், 95 சதவீத நம்பிக்கை அளவில், அதாவது இப்படி நூறு முறை சர்வே எடுத்தால் ஏறத்தாழ 95 முறை உண்மை உள்ளே விழும் அளவில், பிழை எல்லை கிடைக்கும். 96-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9.8, வகுத்தால் 0.10 வரும். ஆக 49 என்பது 39-க்கும் 59-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். விடை 50-ஐ ஒட்டி இருக்கும்போது இந்தக் குறுக்குவழி நன்றாகப் பொருந்தும். எல்லையைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும்: 100 பேருக்கு 10, 400 பேருக்கு 5. எடையிட்ட 41-க்கு எல்லை இன்னும் கொஞ்சம் அகலம், சுமார் 12. சிலரின் பதிலை நான்கு மடங்காக எண்ணியதற்குக் கொடுக்கும் விலை அது.

இரண்டாவது, மறுத்த 32 பேர். இதை ஊகிக்காமலே ஒரு வேலி போட்டுவிடலாம். அவர்கள் அத்தனை பேரும் வேண்டும் என்றிருந்தால் 128-இல் 79, அதாவது 62 சதவீதம். அத்தனை பேரும் வேண்டாம் என்றிருந்தால் 128-இல் 47, 37 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். திசையும் ஓரளவு தெரிகிறது. காலையில் வந்து பதில் தந்த 24 பேரில் 15 பேர் வேண்டும் என்றார்கள். மற்ற நேரத்து 72 பேரில் 32 பேர்தான். நழுவிய காலை ஆட்களும் பதில் தந்த காலை ஆட்களைப் போலவே என்று வைத்தால் 49 என்பது 51 ஆகிறது. எண் கொஞ்சம் குறைவாகவே வந்திருக்கிறது என்று எழுதலாம். நேரமே இல்லாதவர்கள்தான் பதில் சொல்லவும் நேரமில்லாமல் போனார்கள் என்பதால் இன்னும் கூடக் குறைந்திருக்கலாம்.

மூன்றாவதுதான் பெரியது. கடைக்கு வராதவர்கள் இந்த சர்வேயில் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்கு வந்து எடுத்தால் சேரக்கூடிய புது ஆட்கள், அதாவது கடை வரை வர முடியாததாலேயே வராமல் இருப்பவர்கள், எத்தனை பேர் என்று இந்தத் தாள்களைக் கொண்டு ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. இன்னும் நூறு வாடிக்கையாளரைக் கேட்டாலும், ஆயிரம் பேரைக் கேட்டாலும் அது தெரியவராது. பிழை எல்லை என்ற 10-க்குள் இந்தக் குறை அடங்கவில்லை. பிழை எல்லைக்குத் தற்செயல் மட்டும்தான் தெரியும்.

இதற்கு வரலாற்றில் நின்றுபோன உதாரணம் ஒன்று உண்டு. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லேண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளோடு வென்றார். லேண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார்ப் பதிவுகளிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தத்தின் நடுவில் அவை யாரிடம் இருந்திருக்கும்? அனுப்பியவர்களிலும் திருப்பி அனுப்பியது சிறு பங்கினர்தான். அதே தேர்தலில் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வென்றவரைச் சரியாகச் சொன்னார். 20 லட்சம் பதில்களுக்கே அந்த நிலை என்றால், நம் 96 பேர் எண்ணிக்கை குறைவு என்று மட்டும் வருந்துவது இடம் மாறிய கவலை.

இத்தனையும் சேர்த்து, கடைக்காரரின் அறிக்கையில் வரம்புகள் பகுதி இப்படி இருக்கலாம்:

"இந்த ஆய்வு ஒரே வாரத்தில், தற்போதைய வாடிக்கையாளர்களிடம் மட்டும் நடத்தப்பட்டது. அணுகிய 128 பேரில் 32 பேர் பதில் தரவில்லை. அவர்களில் 24 பேர் காலை 10 மணிக்கு முன் வந்தவர்கள். இதனால் சேவைக்கான விருப்பம் சற்றுக் குறைவாகப் பதிவாகியிருக்கலாம். மாறாக, பயன்படுத்துவேன் என்று சொன்னவர்கள் அனைவரும் பயன்படுத்துவார்கள் என்று கொள்ள முடியாது. இதனால் விருப்பம் மிகையாகத் தெரியலாம். இந்த இரண்டில் இரண்டாவதே பெரிது என்று கருதுகிறோம். கூடுதல் கட்டணம் ஐந்தில் ஒரு பங்கு என்று மட்டுமே கேட்கப்பட்டது. வேறு கட்டணத்துக்கு இந்த எண்கள் பொருந்தா. எத்தனை முறை வந்தோம் என்பது அவரவர் நினைவிலிருந்து சொன்னது; பில்களோடு ஒப்பிடப்படவில்லை. கடைக்கு இதுவரை வராதவர்களின் தேவை பற்றி இந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை."

"இரண்டாவதே பெரிது என்று கருதுகிறோம்" என்ற இடத்தில் எழுதியவர் தன் கணிப்பைத் துணிந்து சொல்லியிருக்கிறார். அது கணிப்புதான் என்பதும் "கருதுகிறோம்" என்ற சொல்லிலேயே தெரிகிறது. இரண்டு சாய்வுகள் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும்போது, "எனவே சமனாகிவிடும்" என்று எழுதுபவர்களும் உண்டு. சமனாகும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இந்த அறிக்கையைப் படித்த கடைக்காரர் என்ன செய்யலாம்? வண்டி வாங்க இது போதாது. ஒரு வண்டியை நான்கு வாரம் வாடகைக்கு எடுத்து, கண்டிப்பாக என்றவர்களை வைத்துக் கிடைத்த, நாளுக்கு ஒன்பது வீடு என்ற கணக்குக்கு ஏற்ப ஆரம்பிக்கப் போதும். அந்த நான்கு வாரமும் ஒவ்வொரு அழைப்புக்கும், அழைத்தவர் பழைய வாடிக்கையாளரா புதியவரா என்று பில்லில் ஒரு குறி போட்டு வைத்தால், புது ஆட்கள் எத்தனை பேர் என்ற, சர்வே தொட முடியாத கேள்விக்கும் பதில் சேரத் தொடங்கும்.